வியாழன் மாலையே நின்ற விளம்பரம், ரிப்போர்ட்டில் ‘பலன் குறைந்தது’ என்று வருகிறது: இதை எப்படிக் குறிப்பது?

முத்தியால்பேட்டை கார்த்தி | திங்கள், இரவு 9:40

புதுச்சேரியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஏஜென்சி நடத்துகிறோம். குருசுக்குப்பத்தில் ஆறு அறைகள் உள்ள ஒரு ஹோம்ஸ்டேவுக்கு மெட்டா விளம்பரம் பார்க்கிறோம். சென்னைக்கு ஒரு கேம்பெய்ன், நாளுக்கு 1,500 ரூபாய். பெங்களூருக்கு இன்னொன்று, நாளுக்கு 1,000. விளம்பரத்தைத் தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும். எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பதை வைத்துத்தான் பலனைப் பார்ப்போம்.

போன திங்கட்கிழமை பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதுப் படங்களைப் போட்டோம். வியாழன் மாலை 4:40க்குக் கணக்கின் செலவு வரம்பு முட்டி எல்லாமே நின்றுவிட்டது. பாதுகாப்புக்காக 60,000 ரூபாய் என்று முன்பு நானே வைத்த வரம்புதான் அது. எச்சரிக்கை மெயில் வந்திருக்கிறது, ஆனால் கணக்கு திறந்தபோது கொடுத்த பழைய முகவரிக்கு. அதை இப்போது யாரும் பார்ப்பதில்லை. கேம்பெய்ன் சுவிட்ச் எல்லாம் ஆனிலேயே இருந்ததால் சந்தேகமும் வரவில்லை. இன்று காலை 10 மணிக்குத்தான் கவனித்தேன்.

அதற்கு முன்பே, காலை 7 மணிக்கு, வார ரிப்போர்ட் தானாக உரிமையாளருக்குப் போய்விட்டது. முந்தைய வாரம் செலவு 17,500, விசாரணை 75, ஒரு விசாரணைக்கு 233 ரூபாய். போன வாரம் செலவு 9,200, விசாரணை 30, ஒன்றுக்கு 307 ரூபாய். விசாரணை 60% குறைவு, விலை 31% ஏற்றம் என்று இரண்டு சிவப்பு அம்புகள். எட்டு மணிக்கு அவர் போன் செய்து, “புதுப் படம் எடுபடல தம்பி, பழைய வீடியோவையே போட்டுடுங்க” என்றார். அந்தப் படங்களை இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தது அவருடைய மகள். என்ன நடந்தது என்றே தெரியாமல் நானும் “சரி சார்” என்று சொல்லிவிட்டேன். அதுதான் மனதை உறுத்துகிறது.

வரம்பைச் சரிசெய்துவிட்டேன், விளம்பரம் ஓடுகிறது. என் கேள்வி ரிப்போர்ட்டைப் பற்றியது. விளம்பரம் ஓடாத நேரத்தை அதில் எப்படிக் காட்டுவது? உங்கள் ஊரில், உங்கள் ஏஜென்சியில் என்ன செய்கிறீர்கள்?

---

வில்லியனூர் பாலா | திங்கள், இரவு 10:05

கார்த்தி, கார்டை நம்பாதீர்கள். முன்பணமாக யுபிஐயில் ஏற்றிவிடுங்கள். கணக்கில் பணம் இருந்தால் விளம்பரம் ஓடும். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன், ஒரு தடவைகூட நின்றதில்லை. அந்த வரம்பையும் நீக்கிவிடுங்கள், நமக்கு அது தேவையே இல்லை.

---

முத்தியால்பேட்டை கார்த்தி | திங்கள், இரவு 10:12

நன்றி பாலா அண்ணா. ஆனால் இங்கே கார்டு பிரச்சினை இல்லை, பணம் இருந்தது. நாங்களே வைத்த வரம்புதான் நிறுத்தியது. இனி நிற்காமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. நின்றுபோனால் ரிப்போர்ட் அதை நேர்மையாகச் சொல்வது இன்னொரு வேலை. நான் கேட்பது இரண்டாவதைப் பற்றி.

---

நெல்லித்தோப்பு நவீன் | திங்கள், இரவு 10:50

இது சுலபம். ஏழால் வகுக்காதீர்கள், ஓடிய நாட்களால் வகுங்கள். முந்தைய வாரம் 75 விசாரணை, 7 நாள், நாளுக்கு 10.7. போன வாரம் 30 விசாரணை, 4 நாள், நாளுக்கு 7.5. ரிப்போர்ட்டில் ‘ஓடிய நாள் சராசரி’ என்று ஒரு பத்தி சேர்த்தால் முடிந்தது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பார்த்தாலும் 30% குறைவுதான். உரிமையாளர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். படம் எடுபடவில்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், அந்த வரம்பு மாதம் பிறந்தால் தானாகப் பூஜ்யத்துக்குப் போய்விடும் இல்லையா? உங்களுக்கு ஏன் போகவில்லை?

---

கெடிலம் | செவ்வாய், காலை 6:30

கார்த்தி, எந்த முடிவும் எடுக்கும் முன்னால் இரண்டு வாரத்துக்கும் நாள் வாரியாக விசாரணை எண்ணிக்கையை இங்கே போடுங்கள். நவீன் சொன்ன வகுத்தலில் ஒரு பள்ளம் இருக்கிறது, எண்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய வீடியோவை இன்னும் மாற்றவில்லை என்றால் மாற்றாதீர்கள்.

---

முத்தியால்பேட்டை கார்த்தி | செவ்வாய், காலை 8:15

இன்னும் மாற்றவில்லை அக்கா. இதோ எண்கள்.

முந்தைய வாரம், எல்லா நாளும் செலவு சுமார் 2,500:
திங்கள் 8, செவ்வாய் 8, புதன் 8, வியாழன் 10, வெள்ளி 14, சனி 16, ஞாயிறு 11

போன வாரம்:
திங்கள் 9, செவ்வாய் 8, புதன் 8 (செலவு தலா 2,500), வியாழன் 5 (செலவு 1,700)
வெள்ளி, சனி, ஞாயிறு: ஷீட்டில் வரியே இல்லை

---

கெடிலம் | செவ்வாய், காலை 9:00

கதையே இதில் இருக்கிறது. முந்தைய வாரத்தின் 75 விசாரணையில் 41 வெள்ளி, சனி, ஞாயிறில் வந்தவை. புதுச்சேரி ஹோம்ஸ்டே என்றால் அப்படித்தான் இருக்கும். சென்னையில் இருப்பவர் வெள்ளிக்கிழமைதான் ஈசிஆரில் கிளம்பலாமா என்று யோசிக்கிறார். அந்த மூன்று நாளில் ஒரு விசாரணைக்கு ஆன செலவு 183 ரூபாய். திங்கள் முதல் புதன் வரை 312 ரூபாய். 233 என்பது இந்த இரண்டும் கலந்த சராசரி.

போன வாரம் உங்களுக்குக் காணாமல் போனது ஏதோ மூன்று நாட்கள் இல்லை. மலிவாக விசாரணை கிடைக்கும் மூன்று நாட்கள். மிஞ்சியது விலை கூடிய நாட்கள் மட்டும். அதனால்தான் 307 வந்தது. நவீன் சொல்வதுபோல் ஓடிய நாட்களால் வகுத்தாலும், ஒரு பக்கம் வார இறுதி இருக்கிறது, இன்னொரு பக்கம் இல்லை. அந்த 30% குறைவு அங்கிருந்து வருகிறது.

திங்கள், செவ்வாய், புதனை மட்டும் எடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்திலும் இவை முழுதாக ஓடிய நாட்கள். பழைய வீடியோ: 7,500 ரூபாய்க்கு 24 விசாரணை. புதுப் படம்: அதே 7,500க்கு 25. ஒன்றுக்கு 312, 300. இருபத்துச் சொச்சம் விசாரணையை வைத்துப் படம் மேல் என்றும் சொல்ல முடியாது, கீழ் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ‘எடுபடவில்லை’ என்று சொல்ல இதில் எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

வரம்பு பற்றி, நவீன்: மெட்டாவின் `spend_cap` மொத்தச் செலவோடு ஒப்பிடப்படுவது. கார்த்தி போல் கையால் ஒரு தொகை வைத்துவிட்டுப் போனால், `amount_spent` ஏறிக்கொண்டே வந்து ஒரு நாள் அதைத் தொடும். நாம் ரீசெட் செய்ய வேண்டும், அல்லது தொகையை உயர்த்த வேண்டும். அது மாத பட்ஜெட் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

---

நெல்லித்தோப்பு நவீன் | செவ்வாய், காலை 9:40

சரி, வார இறுதி விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். என் கிளையன்ட்டுகள் எல்லாம் பல் மருத்துவமனை, டியூஷன் சென்டர். அங்கே நாளுக்கு நாள் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. ஆனால் வியாழன்? அன்றைக்கு 10க்குப் பதில் 5 தானே வந்திருக்கிறது?

---

கெடிலம் | செவ்வாய், காலை 11:20

நான் அதிகம் பயப்படுவது அந்த வியாழனைப் பார்த்துத்தான். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஷீட்டில் வரியே இல்லை. கவனித்துப் பார்க்கிறவர் இதையாவது பிடித்துவிடுவார். வியாழனுக்கு வரி இருக்கிறது, செலவு 1,700 என்று இருக்கிறது. பார்த்தால் மந்தமான ஒரு நாள்போல் தெரியும். அரை நாள் என்று யாருக்கும் தோன்றாது.

கார்த்தி, வாட்ஸ்அப் போனில் முந்தைய வியாழனின் 10 விசாரணை எத்தனை மணிக்கு வந்தன என்று பாருங்கள்.

---

முத்தியால்பேட்டை கார்த்தி | செவ்வாய், மதியம் 12:05

பார்த்தேன். பத்தில் ஆறு, மாலை 6 மணிக்குப் பிறகு. அதற்கு முன்னால் நான்கு. போன வியாழன் நிற்பதற்கு முன்பே ஐந்து. அதாவது அன்றும் குறையவில்லை.

---

மஞ்சக்குப்பம் சுமதி | செவ்வாய், மதியம் 2:30

படிக்கப் படிக்க எங்கள் கதை நினைவுக்கு வருகிறது. கடலூரில் எங்களுடையது ஜவுளிக் கடை. ஆடித் தள்ளுபடிக்குப் பத்து நாள் விளம்பரம், மொத்த பட்ஜெட் 20,000 என்று போட்டோம். நாளுக்கு 2,000 வரும் என்று கணக்கு. மூன்றாம் நாள் இரவு வங்கி கார்டு பணம் மறுத்துவிட்டது. அதற்கு முன் எடுத்ததெல்லாம் 15,000 ரூபாய்க்குக் கீழே, ஓடிபி இல்லாமலே போயிருக்கிறது. பழைய பாக்கியும் சேர்ந்த அந்த ஒன்று மட்டும் அதற்கு மேல். சரிசெய்ய ஏழாம் நாள் காலை ஆகிவிட்டது. நடுவில் மூன்று நாள் போச்சு.

அதற்கப்புறம்தான் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. திரும்ப ஓட ஆரம்பித்ததும் நாளுக்கு 3,500 போனது. கடைக்குப் போன் செய்பவர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. “கடைசி நாலு நாள் விளம்பரம் வீண்” என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். அதுவும் இந்தக் கதைதானா?

---

கெடிலம் | செவ்வாய், மாலை 5:10

அதேதான் சுமதி. மொத்த பட்ஜெட் என்று கொடுத்தால், மிச்சப் பணத்தை மிச்ச நாட்களுக்குள் செலவழிக்க அது முயற்சி செய்யும். மூன்று நாளில் 6,000 போயிருக்கிறது, மிச்சம் 14,000, மிச்ச நாள் நான்கு. நாளுக்கு 3,500. கடலூர் சுற்றுவட்டாரம் என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் நாளுக்கு ஒன்றேமுக்கால் மடங்கு பணத்தைத் தள்ளினால், அதே ஆட்களுக்கே விளம்பரம் திரும்பத் திரும்பப் போகும், ஒரு போனுக்கு ஆகும் செலவு ஏறும். அந்த நான்கு நாட்களில் ஃப்ரீக்வென்சி எவ்வளவு என்று பாருங்கள், ஏறியிருக்கும்.

அதனால் ரிப்போர்ட்டில் குறிக்கும்போது, நின்ற மூன்று நாட்களோடு நிறுத்தக் கூடாது. மொத்த பட்ஜெட் கேம்பெய்ன் என்றால், திரும்ப ஓடத் தொடங்கிய நாளிலிருந்து முடிவு வரைக்கும் ‘பணம் நெருக்கி ஓடிய காலம்’ என்று வேறு நிறத்தில் காட்ட வேண்டும். விளம்பரத்தின் தரத்தை முதல் மூன்று நாளை வைத்துப் பேசுவதுதான் நியாயம்.

கார்த்தியுடையது நாள் பட்ஜெட், அங்கே இந்தச் சிக்கல் குறைவு. நின்றது நான்கு நாளுக்கும் குறைவு என்பதால் கற்றல் நிலையும் அதனால் புதிதாகத் தொடங்கியிருக்காது. ஏழு நாள் அல்லது அதற்கு மேல் நிறுத்தினால்தான் மெட்டா அதை முதலிலிருந்து தொடங்கும்.

---

திருப்பாதிரிப்புலியூர் டேட்டா | செவ்வாய், இரவு 8:45

ஷீட் பக்கத்து வேலையை நான் சொல்கிறேன், நாள் முழுக்க இதுதான் என் பிழைப்பு.

கார்த்தி, நீங்கள் எடுப்பது `status` பத்தி என்று நினைக்கிறேன். அது நாம் வைத்த சுவிட்ச். விளம்பரம் உண்மையில் ஓடுகிறதா என்று அது சொல்லாது. கணக்கு மட்டத்தில் இதையும் சேர்த்து எடுங்கள்:

```
GET /act_<ID>?fields=account_status,disable_reason,spend_cap,amount_spent
```

`account_status` 1 என்றால் சரியாக இருக்கிறது. 3 என்றால் பணம் பாக்கி நிற்கிறது. 9 என்றால் கெடு கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஓடலாம். கார்த்திக்கு நடந்ததை இந்த எண்ணை மட்டும் நம்பிப் பிடிக்க வேண்டாம். `spend_cap`, `amount_spent` இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பைசாவில் வரும், 60,000 ரூபாய் 6000000 என்று. `spend_cap` பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை என்று அர்த்தம். இதை மறந்து ‘செலவு வரம்பைத் தாண்டிவிட்டதா’ என்று சூத்திரம் எழுதி, வரம்பில்லாத எல்லாக் கணக்குக்கும் அலாரம் அடிக்கவிட்டு, ஒரு நாள் முழுக்க நான் திண்டாடியிருக்கிறேன்.

இன்னொன்று. இந்த எண்கள் இந்த நிமிடத்தின் நிலை மட்டுமே. போன வியாழன் என்னவாக இருந்தது என்று பின்னால் கேட்டால் இவை சொல்லாது. அதனால் மணிக்கு ஒருமுறை எடுத்து நேரத்தோடு சேமிக்க வேண்டும். பழையது வேண்டுமென்றால் கணக்கின் `activities` பதிவைத் தேடுங்கள். `account_spending_limit_reached`, `ad_account_billing_charge_failed` மாதிரி நிகழ்வுகள் நேரத்தோடு இருக்கும்.

பிறகு, விளம்பரம் ஓடாத நாளுக்கு வரியே வராது என்பதால், தேதி அட்டவணை ஒன்றை நாமே வைத்து அதோடு இணைக்க வேண்டும்:

```sql
SELECT c.day, COALESCE(s.spend, 0) AS spend, e.reason
FROM calendar c
LEFT JOIN spend s ON s.day = c.day
LEFT JOIN events e ON e.day = c.day
ORDER BY c.day;
```

`events` அட்டவணையில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் காரணத்தை ஒரு வரியாக எழுதி வைத்தால், இதில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் பூஜ்யத்தோடும் காரணத்தோடும் வந்து நிற்கும். வியாழன் மாதிரி அரை நாளை இது பிடிக்காது. அதற்கு மணி வாரிச் செலவு வேண்டும், `hourly_stats_aggregated_by_advertiser_time_zone` என்று பிரித்து எடுக்கலாம். நான் வைத்திருக்கும் விதி இதுதான்: காலை 8 முதல் இரவு 10 வரைக்குள் தொடர்ந்து மூன்று மணி நேரம் கணக்கு முழுவதும் செலவு பூஜ்யம் என்றால் அலாரம். விடியற்காலையைச் சேர்த்தால் சின்ன பட்ஜெட்டுக்கெல்லாம் பொய் அலாரம் வரும். மூன்று மணி நேரம் பொறுப்பதற்குக் காரணம், எண்கள் சில சமயம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

---

வில்லியனூர் பாலா | செவ்வாய், இரவு 9:30

இப்போதுதான் கேள்வி புரிந்தது, மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு என் கணக்கைத் திறந்து பார்த்தேன். பணத்தால் நிற்கவில்லை என்று நான் சொன்னது உண்மை. ஆனால் கிளிக் விலை ஏறினால் நிறுத்து என்று ஒரு தானியங்கி விதி போட்டு வைத்திருக்கிறேன். அது ஒரு ஆட் செட்டைப் பதினோரு நாள் முன்பே நிறுத்தியிருக்கிறது. திரும்ப ஆன் செய்யும் விதியை நான் எழுதவே இல்லை. கிளையன்ட்டுக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில் ‘பாண்டி பகுதி ஆர்வம் குறைவு’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். நாளைக்கே திருத்தி அனுப்ப வேண்டும்.

---

கெடிலம் | புதன், காலை 6:50

பாலா, அதையும் காரணப் பத்தியில் தனியாகவே எழுதுங்கள். நான் நான்கு காரணம் வைத்திருக்கிறேன்: வரம்பு முட்டியது, பணம் மறுக்கப்பட்டது, நாமே நிறுத்தியது, விதி நிறுத்தியது. வெறுமனே ‘நின்றது’ என்று எழுதினால், அடுத்த மாதம் பார்ப்பவருக்கு யார் என்ன திருத்த வேண்டும் என்று தெரியாது.

வரைபடத்தில் கோடு பூஜ்யத்துக்கு விழக் கூடாது. பூஜ்யம் என்றால் விளம்பரம் காட்டினோம், யாரும் வரவில்லை என்று அர்த்தமாகிவிடும். அந்த இடத்தில் கோட்டை வெட்டிவிட்டுச் சாம்பல் பட்டை போடுங்கள், பட்டைக்குள்ளேயே காரணமும் நேரமும் இருக்கட்டும். ஒப்பிடும் இரண்டு காலத்தில் ஏதாவது ஒன்றில் சாம்பல் பட்டை இருந்தால், சதவீத அம்பு வரவே கூடாது. கார்த்தியின் உரிமையாளர் படித்தது அந்த இரண்டு அம்புகளை மட்டும்தான். அடியில் பொடி எழுத்தில் குறிப்புப் போட்டிருந்தாலும் அவர் அதே போனைத்தான் செய்திருப்பார்.

---

நெல்லித்தோப்பு நவீன் | புதன், காலை 10:00

இதில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. அம்பை எடுத்துவிட்டால் கிளையன்ட் ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்று நினைப்பார். அதைவிட ‘ஓடியிருந்தால் வெள்ளி முதல் ஞாயிறு வரை 41 விசாரணை வந்திருக்கும்’ என்று மதிப்பீடு போடலாம். இழப்பு எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

---

கெடிலம் | புதன், காலை 10:40

இழப்பைச் சொல்ல வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 41 என்பது ஒரே ஒரு வார இறுதியின் எண். மழை பெய்தால், திங்கட்கிழமை விடுமுறை சேர்ந்தால் எல்லாம் மாறும். எட்டு வார இறுதிகளின் குறைந்தது, அதிகபட்சம் இரண்டையும் எடுத்து ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்று எழுதலாம். அதையும் உண்மையான எண்ணிக்கை உள்ள பத்தியில் கூட்டவே கூடாது. ஒருமுறை கலந்துவிட்டால், மூன்று மாதம் கழித்து அது நிஜமாக வந்த விசாரணை என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

---

திருப்பாதிரிப்புலியூர் டேட்டா | புதன், மதியம் 1:15

நான் மதிப்பீடே போடுவதில்லை. ஓடாத மணி நேரத்தை மட்டும் எழுதுவேன். அது எண்ணிச் சொல்லக்கூடியது, யாரும் மறுக்க முடியாது. இதில் கெடிலம் அக்காவும் நானும் பல தடவை பேசியும் ஒத்துப்போனதில்லை.

---

முத்தியால்பேட்டை கார்த்தி | வியாழன், இரவு 9:15

திருத்திய ரிப்போர்ட்டை இன்று நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தில், எல்லா எண்ணுக்கும் மேலே இதை எழுதினேன்:

“வியாழன் மாலை 4:40 முதல் திங்கள் காலை 10:00 வரை, மொத்தம் 89 மணி 20 நிமிடம், விளம்பரம் ஓடவில்லை. காரணம்: கணக்கின் செலவு வரம்பு முடிந்தது, அதை உயர்த்தாமல் விட்டது எங்கள் தவறு. இதனால் இந்த வாரத்தை முந்தைய வாரத்தோடு முழுதாக ஒப்பிட முடியாது. இரண்டு வாரத்திலும் முழுதாக ஓடிய திங்கள், செவ்வாய், புதன்: பழைய வீடியோ 24 விசாரணை, புதுப் படம் 25. செலவு இரண்டுக்கும் 7,500.”

அவர் இரண்டு தடவை படித்தார். “வெள்ளிக்கிழமை போன் அடிக்கவே இல்லையேன்னு நானும் நினைச்சேன், ஊர்ல கூட்டம் இல்லபோலன்னு விட்டுட்டேன்” என்றார். கொஞ்சம் கோபப்பட்டார், அது நியாயம்தான். படங்களை இன்னும் இரண்டு வாரம் ஓடவிடச் சம்மதித்துவிட்டார். மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மிச்ச வரம்பு மூன்று நாள் செலவுக்குக் கீழே போனால் எங்கள் நால்வருக்கும் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். ஒரு நாளில் பட்ஜெட்டைவிட 75% வரை அதிகமாகச் செலவாகலாம் என்பதால் 2,500க்குப் பதில் 4,375 வைத்துக் கணக்குப் போட்டேன். ரிப்போர்ட் தானாகப் போவதையும் நிறுத்திவிட்டேன். சாம்பல் பட்டை இருந்தால் யாராவது ஒருவர் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

---

மஞ்சக்குப்பம் சுமதி | வெள்ளி, காலை 7:20

கெடிலம் அக்கா, பார்த்தேன். முதல் மூன்று நாளில் ஃப்ரீக்வென்சி 1.4, கடைசி நான்கு நாளில் 3.1. என் கணவரிடம் காட்டினேன், பதில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்து பார்த்தார். ஒரு சந்தேகம். கூகுளிலும் ஒரு கேம்பெய்ன் இருக்கிறது, முன்பணம் ஏற்றித்தான் ஓட்டுகிறோம். அங்கே நடுவில் பணம் தீர்ந்து நின்றதா என்று எப்படிப் பார்ப்பது?

---

திருப்பாதிரிப்புலியூர் டேட்டா | வெள்ளி, காலை 9:05

அங்கேயும் நாள் வாரியாகப் பிரித்து எடுத்தால் பூஜ்ய நாட்கள் வராது, அதே தேதி அட்டவணையை வைத்து இணையுங்கள். `change_event` கடைசி 30 நாள்தான் கொடுக்கும், ஆடி மாதத்தை இப்போது அதில் தேட முடியாது. பில்லிங் பக்கத்தில் பணம் ஏற்றிய தேதிகளையும், நாள் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்றிய தொகையில் 18% ஜிஎஸ்டி போக மிச்சம்தான் விளம்பரத்துக்கு: 10,000 ஏற்றினால் 8,475 ரூபாய் அளவில்தான் ஓடும். நீங்கள் 10,000 என்று எண்ணிக்கொண்டிருந்தால், நினைத்ததற்கு முன்பே தீர்ந்திருக்கும். அந்தத் தேதிகளை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.